எட்டா, பத்தா, பன்னிரண்டா? ஒரு சின்ன பாத்ரூமின் கண்ணாடிக் கணக்கு

காந்திபுரத்துல பஸ் ஏறும்போது ஒரு தடவை போலராய்ஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுட்டு பக்கத்துல நிக்கிற பஸ்ஸோட பக்கவாட்டு ஜன்னலைப் பாருங்க. காலையோ சாயங்காலமோ வெயில் சாய்வா இருந்தா நல்லது. சாதாரணமா தெளிவா இருக்கிற கண்ணாடியில வரிசை வரிசையா மங்கலான புள்ளிகள் தெரியும். அது அழுக்கு இல்லை. அந்தக் கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சிருக்கிற ஸ்ட்ரெஸ். ஃபோட்டோ எலாஸ்டிசிட்டின்னு செமஸ்டர்ல படிச்சிட்டு மறந்துபோனோமே, அதுதான்.

அதே ஸ்ட்ரெஸ் உள்ள கண்ணாடியைத்தான் இப்போ கோயமுத்தூர்ல புதுசா கட்டுற வீடு, ஃபிளாட் எல்லாத்துலயும் குளிக்கிற இடத்துக்குக் கதவா மாட்டுறாங்க. சுத்தி அலுமினிய ஃப்ரேம் கிடையாது. வெறும் கண்ணாடி, ரெண்டு கீல், ஒரு கைப்பிடி. பார்க்க அழகா இருக்கு. ஆனா இந்தக் கட்டுரை அழகைப் பத்தினது இல்லை. எங்க வீட்டுல இது ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாத்தான் ஆரம்பிச்சது.

எங்க அமுச்சிக்கு எழுபத்தெட்டு வயசு. காங்கேயம் பக்கம் கிராமத்துல தனியா இருந்தவங்களை இந்த வருஷம் அம்மா எங்களோட கூட்டிட்டு வந்துட்டாங்க. நாங்க இருக்கிறது கணபதி பக்கம். எங்க பாத்ரூம் அஞ்சடிக்கு ஏழடி. டாய்லெட், வாஷ்பேசின், ஷவர் மூணும் அதுக்குள்ளயே. யார் குளிச்சாலும் தரை முழுக்க ஈரம். ராத்திரி ரெண்டு மணிக்கு அமுச்சி எழுந்து போறப்ப அந்த ஈரத்துல கால் வைக்கணும். டாக்டர் ஒரே வரியில சொல்லிட்டார்: "நடக்கிற தரை காய்ஞ்சு இருக்கணும்." சரி, குளிக்கிற இடத்தைத் தனியாத் தடுக்கணும்னு முடிவாச்சு. திரை போட்டா தண்ணி அடியில ஓடும், காலையும் சுத்தும். செங்கல் சுவர் எழுப்பினா அஞ்சடி அகலத்துல மூச்சு முட்டும். அப்படித்தான் கண்ணாடிக்கு வந்தோம்.

வந்ததும் முதல் சண்டை, எத்தனை எம்எம்?

கனம் கூடினா பலம் கூடுமா?

மாமா "பன்னெண்டு எம்எம் போட்றலாம், ஒரே தடவை செலவு"ன்னார். கண்ணாடிக் கடைக்காரர் "எட்டே தாராளங்க"ன்னார். அமுச்சி கேட்டது வேற கேள்வி: "ஏங்கண்ணு, நான் தெரியாம சாஞ்சுட்டா ஒடஞ்சு போகாதா?"

அமுச்சி கேள்வியில இருந்தே ஆரம்பிப்போம். இதுக்குப் போடுறது டஃபன்டு கிளாஸ். சாதாரணக் கண்ணாடியை முதல்ல வேண்டிய அளவுக்கு வெட்டி, துளை போட்டு, விளிம்பைத் தேய்ச்சுடுவாங்க. அப்புறம் ஃபர்னஸ்ல 620 டிகிரி செல்சியஸுக்கும் மேல சூடாக்கி, வெளிய எடுத்ததும் ரெண்டு பக்கமும் வேகமா காத்து அடிப்பாங்க. மேல் பரப்பு முதல்ல இறுகிடும். உள்பக்கம் பின்னாடி மெதுவா ஆறும். ஆறும்போது சுருங்கப் பார்க்கும், ஆனா ஏற்கெனவே இறுகின மேல்பரப்பு விடாது. கடைசியில மேல்பரப்பு அழுத்தத்துலயும் உள்பக்கம் இழுவிசையிலயும் நிரந்தரமா மாட்டிக்கும். பஸ் ஜன்னல்ல பார்த்த புள்ளிகள், அந்தக் காத்து அடிச்ச முனைகளோட தடம்.

கண்ணாடி உடையணும்னா மேல்பரப்புல இருக்கிற நுண்ணிய கீறல் இழுபட்டுத் திறக்கணும். இங்க மேல்பரப்பு ஏற்கெனவே அழுத்தப்பட்டு இருக்கிறதால, அந்த அழுத்தத்தை முதல்ல ஜெயிச்சாத்தான் கீறல் திறக்கும். அதனால அமுச்சி சாஞ்சாலும், தோள் இடிச்சாலும் அது தாங்கும். அப்படியே உடைஞ்சாலும் கத்தி மாதிரி நீளத் துண்டா வராது. உள்ள பூட்டின சக்தி ஒரே நேரத்துல வெளிய வந்து, மொத்தப் பலகையும் சின்னச் சின்னக் கட்டியா உதிரும்.

ஆனா இதுக்கு ஒரு பலவீனம் இருக்கு: விளிம்பு. 1661-ல லண்டன் ராயல் சொசைட்டியில ஆராய்ஞ்ச பிரின்ஸ் ரூபர்ட் துளியைப் பத்திப் படிச்சிருப்பீங்க. உருகின கண்ணாடியைத் தண்ணியில சொட்டவிட்டுச் செஞ்சது. தலையில சுத்தியல் அடிச்சாலும் உடையாது, வாலை லேசாக் கிள்ளினா மொத்தமும் தூள். டஃபன்டு கிளாஸும் அதே இனம்தான். நடுவுல முழங்கை பட்டா ஒண்ணும் ஆகாது. கீழ் மூலை டைல்ஸ்ல ஒரு தடவை டொக்குன்னு பட்டா போயிடலாம். "தானாவே வெடிச்சிருச்சு"ன்னு நாம கேள்விப்படுற கதைகள்ல ரொம்ப இப்படித்தான்: மாட்டும்போதே விளிம்பு அடிபட்டிருக்கும், இல்லை எங்கேயோ உலோகம் நேரா கண்ணாடியைத் தொட்டுட்டு இருக்கும். இன்னொரு காரணம், கண்ணாடிக்குள்ள மாட்டின நிக்கல் சல்ஃபைடு துகள். அது மாசக்கணக்கா, வருஷக்கணக்கா மெதுவா வடிவம் மாறி, பருமன் கூடி, உள்ளே இருந்து பிளக்கும். இதை முன்கூட்டியே பிடிக்க ஃபேக்டரியில ஹீட் சோக்னு ஒரு சோதனை உண்டு. டஃபன் பண்ணின கண்ணாடியை மறுபடி 250 டிகிரிக்கு மேல சில மணி நேரம் வச்சிருந்தா, உடையப்போறது அங்கேயே உடைஞ்சிடும்.

இப்போ கனம். மூணு விஷயம் மூணு விதமா ஏறும். எடை, கனத்துக்கு நேர்விகிதம். வளைவைத் தாங்குற பலம், கனத்தோட இருமடிக்கு. விறைப்பு, மும்மடிக்கு. 8-ல இருந்து 10-க்குப் போனா எடை 25 சதவீதம்தான் கூடும், ஆனா விறைப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும். கதவைப் பிடிச்சு இழுக்கும்போது "தகதக"ன்னு ஆடுற உணர்வு குறையறது இந்த விறைப்பாலதான். அதனால மேல ஃப்ரேமோ தாங்கு கம்பியோ இல்லாத கண்ணாடிக்கு 10 நியாயமான தேர்வு. சின்னக் கதவு, மேல கம்பி உண்டுன்னா 8 போதும்.

அப்போ 12 ஏன் வேண்டாம்? அதுக்குப் பதில் கண்ணாடியில இல்லை.

கீலும் சுவரும்

எங்க கணக்கைச் சொல்றேன். ஷவர் இருக்கிற கடைசி மூணடியைத் தடுக்கணும். சுவருக்குச் சுவர் 1500 மி.மீ. அதுல அசையாத பலகை 840, கதவு 650, ரெண்டு இடைவெளி 5, 5. உயரம் 2000.

கண்ணாடி எடைக்கு ஒரு சுலபமான விதி: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 2.5 கிலோ. எங்க கதவு 1.3 சதுர மீட்டர். 8 மி.மீ.ன்னா 26 கிலோ. 10-ன்னா 32.5. 12-ன்னா 39. நாங்க பார்த்த கீல் பெட்டியில ஒரு ஜோடிக்கு 45 கிலோ வரைன்னு போட்டிருந்தது. 12 போட்டாலும் கணக்குல வருது. ஆனா அந்த 45 கீலோட கணக்கு. சுவரோட கணக்கு இல்லை.

கதவோட எடை அதன் நடுவுல இறங்குது, அதாவது கீல்ல இருந்து 325 மி.மீ. தள்ளி. அந்த எடை கதவைத் திருப்பிக் கீழ சாய்க்கப் பார்க்கும். மேல் கீல் சுவரை வெளிய இழுக்கும், கீழ் கீல் சுவரை உள்ள தள்ளும். ரெண்டு கீலுக்கும் நடுவுல 1500 மி.மீ. வச்சா, 10 மி.மீ. கதவுக்கு மேல் கீல் இழுக்கிற விசை இப்படி வரும்: 32.5 × 325 ÷ 1500. ஏழு கிலோ எடை அளவு. அவ்வளவுதான். கீல்களை அழகுக்காக நெருக்கமா, 750 மி.மீ. இடைவெளியில வச்சா அது பதினாலு ஆகும். அதனால கீல்களை முடிஞ்சவரை மேலயும் கீழயும் தள்ளி வைக்கிறது நல்லது.

இப்போ அமுச்சி கால் இடறி, கைப்பிடியைப் பிடிச்சு முப்பது கிலோ பாரத்தைக் கீழ போடுறாங்கன்னு வச்சுக்கோங்க. கைப்பிடி இருக்கிறது கீல்ல இருந்து 600 மி.மீ. தள்ளி. மேல் கீலுக்குக் கூடுதலா பன்னெண்டு கிலோ. மொத்தம் பத்தொன்பது. ஒரு நொடியில கிட்டத்தட்ட மூணு மடங்கு. இழுபடுறது கண்ணாடி இல்லை, டைல்ஸுக்குள்ள போன நாலு ஸ்க்ரூ.

அந்த ஸ்க்ரூ எதைப் பிடிச்சிருக்குங்கிறதுதான் கேள்வி. கடைக்காரரோட டிராயிங்ல கதவு வலது சுவர்ல இருந்தது. அளவெடுக்க வந்த அண்ணா ஒரு அஞ்சு ரூபா காசை எடுத்து டைல்ஸ் மேல மேல இருந்து கீழ தட்டிக்கிட்டே வந்தார். சில டைல்ஸ்ல "டக் டக்"னு கெட்டியான சத்தம். சிலதுல "டொப்"னு வெத்துச் சத்தம். டைல்ஸுக்குப் பின்னாடி முழுசா பூசாம, நாலு மூலையிலயும் நடுவுலயும் மட்டும் கலவையை அப்பி ஒட்டினா இப்படிக் கேட்கும்னார். அந்த இடத்துல ஸ்க்ரூவை இறுக்கினா டைல்ஸ் உள்வாங்கி விரிசல் விடும்.

"அதுக்குப் பின்னாடி என்ன சுவர் தம்பி?"

"ரூம் தடுப்புச் சுவருங்ணா. ஹாலோ பிளாக்."

"அப்ப இங்க கதவு வேண்டாம். இதுல பிளாஸ்டிக் பிளக் போட்டா பாதி காத்துலதான் நிக்கும். அந்தப் பக்கம் பாருங்க."

இடது சுவர் வீட்டோட வெளிச்சுவர். ஒன்பது இன்ச் செங்கல். தட்டினா ரெண்டு கீல் வர்ற இடத்துலயும் கெட்டியான சத்தம். அதனால மொத்த டிராயிங்கையும் திருப்பிட்டோம்: கதவு இடது சுவர்ல, அசையாத பலகை வலது சுவர்ல. பலகை 42 கிலோ, கதவைவிட கனம். ஆனா அதோட எடை கீழ தரையில உட்காருது. சுவருக்குப் போறது பக்கவாட்டுப் பிடிப்பு மட்டும். அதையும் மேல இருந்து கீழ வரைக்கும் போற ஒரு யூ சேனல் முழு உயரத்துக்கும் பரப்பிக் கொடுக்குது. பலவீனமான சுவர் பரவலான பாரத்தைத் தாங்கும். ரெண்டே புள்ளியில இழுக்கிறதைத்தான் தாங்காது. பலகையோட மேல் முனையில இருந்து பின்சுவருக்கு ஒரு தாங்கு கம்பியும் போட்டாச்சு.

கனச் சண்டையும் இங்கதான் முடிஞ்சது. 12 போட்டா கண்ணாடி விறைப்பாகும், ஆனா சுவர் இழுபடுறது கூடும், கீலோட வரம்பை நெருங்குவோம், அமுச்சி தள்ளித் திறக்கக் கனமா இருக்கும். 8 போட்டா கதவு சரி, 840 அகலப் பலகை ஆடும். 10-ல நின்னோம்.

கீல்ல மூணு வகை உங்களுக்குத் தெரிஞ்சா போதும். சுவர்ல இருந்து கண்ணாடியைப் பிடிக்கிறது ஒண்ணு. இது நல்ல சுவர் இருந்தா முதல் தேர்வு. கண்ணாடியில இருந்து கண்ணாடியைப் பிடிக்கிறது ரெண்டாவது. சுவர் சரியில்லைன்னாலும், கதவு நடுவுல வரணும்னாலும் இதுதான் வழி. ஆனா அப்போ கதவோட மொத்தப் பாரமும் அசையாத பலகைக்குப் போகும், அதனால பலகைக்குக் கனமும் தாங்கு கம்பியும் கட்டாயம். மூணாவது பிவட். கதவு மேலயும் கீழயும் ரெண்டு முனையில சுத்தும், எடை நேரா தரைக்குப் போகும். சுவர் மோசம்னா நல்லது. ஆனா சுத்துற புள்ளி கதவு விளிம்புல இருந்து உள்ள தள்ளி இருக்கிறதால, திறக்கும்போது கதவோட ஒரு துண்டு எதிர்ப்பக்கம் போகும். அந்தப் பக்கம் சீல் ஒழுங்கா உட்காராது.

எந்தக் கீல் எடுத்தாலும் ஒண்ணு கவனிங்க: அது கதவை வெளிப்பக்கம் திறக்க விடணும். உள்ள மட்டும் திறக்கிற கதவுல, உள்ள ஒருத்தர் விழுந்துட்டா அவங்க உடம்பே கதவை அடைச்சுக்கும். எங்க கீல் ரெண்டு பக்கமும் போகும். மூடும்போது கடைசி இருபது, இருபத்தஞ்சு டிகிரிக்கு உள்ள வந்ததும் உள்ள இருக்கிற ஸ்ப்ரிங் தானா இழுத்து நடுவுல நிறுத்தும். வெளிப்பக்கம் 650 மி.மீ. கதவு சுத்துறதுக்கு இடம் இருக்கான்னு தரையில சாக்பீஸ்ல கால் வட்டம் போட்டுப் பார்த்தோம். டாய்லெட் வலது பக்கம் இருந்ததால தப்பிச்சது.

இன்னும் ஒரு வரிசை விஷயம். கீல் உட்காரக் கண்ணாடியில வெட்டுற வாய் டஃபன் பண்றதுக்கு முன்னாடி வெட்டணும். பின்னாடி ஒரு துளை போட ட்ரில்லை வச்சாலும் மொத்தமும் உதிர்ந்துடும். ஒவ்வொரு கம்பெனிக் கீலுக்கும் அந்த வாயோட அளவு வேற. அதனால கீலை முதல்ல வாங்கி, டைல்ஸ் வேலை முழுசா முடிஞ்சு, அப்புறம் அளவெடுத்து, அதுக்கு அப்புறம்தான் கண்ணாடி ஆர்டர். வர்ற கண்ணாடியோட மூலையில அழியாத முத்திரை இருக்கணும். நம்ம நாட்டுத் தரம் ஐ.எஸ். 2553.

அளவெடுக்கும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததுல, இடது சுவர் 2000 மி.மீ. உயரத்துல 4 மி.மீ. பின்வாங்கி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. அப்படியே மாட்டினா கீல் அச்சும் சாயும், கதவோட வெளி முனை 1.3 மி.மீ. ஏறும், அடி சீல் ஒரு பக்கம் சரியாத் தொடாது, கதவும் நிக்கிற இடத்துல நிக்காது. அதனால மேல் கீல் தகட்டுக்குப் பின்னாடி 3 மி.மீ. பேக்கிங் வச்சு, ரெண்டு கீலையும் ஒரே செங்குத்துக் கோட்டுல கொண்டு வந்தார் அந்த அண்ணா. கீல் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் கேஸ்கெட். உலோகம் கண்ணாடியைத் தொடவே கூடாது. கண்ணாடி அந்த உராய்வுப் பிடிப்புலதான் நிக்குது. அதனால சில வாரம் கழிச்சு ஸ்க்ரூவை ஒரு தடவை இறுக்கிப் பார்க்கணும். கதவுக்கும் பலகைக்கும் நடுவுல உள்ள சந்து மேல ஒடுங்கி, கீழ அகலமா ஆச்சுன்னா கதவு தொங்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். மேல் மூலை உரசுறதுக்கு முன்னாடி ஆளைக் கூப்பிடுங்க. உரசுறது விளிம்பு, விளிம்புதான் அதோட பலவீனம்னு மேலேயே பார்த்தோம்.

தண்ணி எந்த வழியா வெளிய வரும்?

ஃப்ரேம் இல்லாத கதவு தொட்டி மாதிரி தண்ணியை அடைக்காது. அப்படி யாராவது வாக்குக் கொடுத்தா நம்பாதீங்க. அது அசையறதுக்கு சந்து வேணும். கீல் பக்கம் 5 மி.மீ., பலகைப் பக்கம் 5, அடியில 10. சீல் செய்யிறது தண்ணியை வந்த வழியே உள்ள திருப்பி விடுறது மட்டும்தான். அதனால முக்கால்வாசி வேலை சீலுக்கு முன்னாடியே முடியணும்.

முதல் வேலை வாட்டம். ஷவர் பகுதி தரை நஹானி ட்ராப் பக்கம் மீட்டருக்கு 10 மி.மீ. மேல இறங்கணும். ரெண்டாவது, கண்ணாடிக்கு அடியில போற கிரானைட் பட்டி. இதை மட்டமா வைக்கிறதுதான் வழக்கம், ஏன்னா ரசமட்டத்துல குமிழி நடுவுல நின்னா நல்ல வேலைன்னு கொத்தனார் நினைப்பார். இங்க அது தப்பு. நீளவாக்குல மட்டமா இருக்கணும், அகலவாக்குல ஷவர் பக்கம் 3 மி.மீ. சாஞ்சு இருக்கணும். இல்லைன்னா பட்டி மேல நிக்கிற தண்ணி எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம வெளிய வரும். மூணாவது, ஷவர் எந்தப் பக்கம் பார்க்குதுங்கிறது. தண்ணி அசையாத பலகை மேல விழுந்தா பிரச்சினையே இல்லை. கதவுச் சந்து மேல நேரா அடிச்சா எந்த சீலும் நிக்காது. எங்க ஷவர் வலது சுவர்ல, பலகைக்குப் பின்னாடி.

அப்புறம் சீல். கதவுக்கு அடியில மாட்டுற பிளாஸ்டிக் பட்டைக்கு ரெண்டு இதழ் உண்டு. ஒண்ணு நேரா கீழ இறங்கி பட்டியைத் தொடும். இன்னொண்ணு உள்பக்கம் சாஞ்சு நிக்கும். இந்த ரெண்டாவதுதான் முக்கியம். கதவோட உள்முகத்துல வழியிற தண்ணி கீழ வந்ததும் அப்படியே சொட்டிடாது. பரப்பு இழுவிசையால கண்ணாடியோட அடி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு வெளிப்பக்கம் போய்த்தான் சொட்டும். டீயை ஊத்தும்போது டம்ளர் வெளிப்பக்கமா வழியுமே, அதே கதை. சாஞ்ச இதழ் அதை நடுவழியில பிடிச்சு உள்ள தள்ளி விடுது. இந்தப் பட்டையைத் திருப்பி மாட்டிட்டா, அதாவது சாஞ்ச இதழ் வெளிய பார்த்தா, அது தண்ணியைக் கவனமா வெளிய கொண்டு வந்து விடும்.

கதவும் பலகையும் சேர்ற இடத்துல காந்த சீல். ரெண்டு பட்டையிலயும் காந்தம் இருக்கும், கடைசி சில மி.மீ.க்கு ஒண்ணையொண்ணு இழுத்து ஒட்டிக்கும். கீல் பக்கம் மெல்லிய இதழ் சீல். எல்லாமே கண்ணாடி விளிம்புல அழுத்திச் செருகுறதுதான், பசை கிடையாது. 8-க்கான சீல் 10-ல ஏறாது, 10-க்கானது 8-ல நிக்காது. கண்ணாடியோட கனத்தை எங்கேயாவது எழுதி வச்சுக்கோங்க. அசையாத பலகைக்கு மட்டும் சிலிக்கான். அதுலயும் நியூட்ரல் க்யூர்னு போட்டிருக்கிறதைக் கேளுங்க. வினிகர் வாடை அடிக்கிற வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், கல்லுக்கும் உலோகத்துக்கும் அது ஆகாது. பூசின பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணி படக் கூடாது.

மாட்டி முடிச்சதும் நாங்க ஒரு சோதனை செஞ்சோம். வெளிப்பக்கத் தரையை நல்லாத் துடைச்சுட்டு, கண்ணாடி நீளத்துக்கும் பழைய நியூஸ்பேப்பரை விரிச்சு, ஷவரைப் பத்து நிமிஷம் திறந்துவிட்டோம். பேப்பர் ஈரமானா நிறம் மாறும், எங்க மாறுதுன்னு துல்லியமாத் தெரியும். பலகைக்கு அடியில ஒண்ணும் இல்லை. கதவுக்கு நடுவுல இல்லை. கீல் பக்கம் இல்லை. கதவும் பலகையும் சேர்ற கீழ் மூலையில மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஈரம்.

அடி சீல் காரணமா, காந்த சீல் காரணமான்னு பிரிக்கணுமே. ஷவரை நிறுத்திட்டு, ஒரு சொம்புத் தண்ணியைக் கதவோட நடு உயரத்துல காந்த சீல் மேல மெதுவா ஊத்தினேன். மூலையில உடனே சொட்டுச்சு. அடுத்து இன்னொரு சொம்பைக் கதவோட நடுவுல மட்டும் ஊத்தினேன். சொட்டலை. அப்போ நெட்டு வாக்குல வர்ற தண்ணிதான். குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தா விஷயம் தெரிஞ்சது. காந்த சீலை அடி சீலுக்கு மேலேயே ஒரு விரல் கனத்துக்குக் குட்டையா வெட்டியிருந்தாங்க. சீல் வழியா இறங்கி வந்த தண்ணி அந்த ஓட்டையில நேரா வெளிய போகுது. அடுத்த நாள் புது காந்த சீல் கொண்டு வந்து, அது அடி சீலோட சாஞ்ச இதழ் மேல வந்து முடியற மாதிரி வெட்டி மாட்டினாங்க. மறுபடி பேப்பர், மறுபடி பத்து நிமிஷம். காய்ஞ்சே இருந்தது. ரெண்டு சீல் சந்திக்கிற மூலையைத்தான் முதல்ல சந்தேகப்படணும்னு இப்போ எனக்குத் தெரியும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம் பாக்கி இருக்கு, தண்ணி. சிறுவாணித் தண்ணி வர்ற வீட்டுல கண்ணாடி ரொம்ப நாள் பளிச்சுன்னு இருக்கும். எங்களுக்குக் குளிக்க வர்றது போர் தண்ணி, உப்பு. சொட்டு காய்ஞ்ச இடத்துல வெள்ளையா கால்சியம் கார்பனேட் படியும். கண்ணாடியில அது அசிங்கம் மட்டும்தான். சீல் இதழ்ல படிஞ்சா அது விறைச்சுப்போய் வளையாது, அப்புறம் தண்ணி அடியில போகும். குளிச்சு முடிச்சதும் வைப்பர் வச்சு ஒரு இழுப்பு இழுத்தா பாதி பிரச்சினை தீர்ந்தது. படிஞ்சதை வினிகர்ல தண்ணி கலந்து துடைச்சா கரையும், ஆனா மார்பிள் மேல பட விடாதீங்க, அதுவும் கால்சியம் கார்பனேட்தான். இதெல்லாம் செஞ்சாலும் சீல் மஞ்சளாகி விறைக்கிற நாள் வரும். அது மாத்தவேண்டிய பொருள்தான்.

கைப்பிடி எதுக்கு, கம்பி எதுக்கு

கடைசியா, அமுச்சி கேள்விக்கு முழுப் பதில். கண்ணாடி சாய்வைத் தாங்கும். ஆனா விழப்போற மனுஷன் சாய மாட்டான், பிடிப்பான். கண்ணாடிக் கதவுல இருக்கிற கைப்பிடி கதவைத் திறக்க மட்டும். அதையே பிடிச்சு எழுந்திரிக்கிற மாதிரி விட்டா, மேல பார்த்த பத்தொன்பது கிலோ தினமும் ரெண்டு தடவை அந்த நாலு ஸ்க்ரூவை இழுக்கும். துண்டு போடுற கம்பியைக் கதவு மேலேயே மாட்டித் தர்றேன்னு கடையில சொன்னாங்க, வேண்டாம்னுட்டோம். கம்பின்னு இருந்தா கை தானாப் போகும். அதுக்குப் பதிலா, ஒன்பது இன்ச் செங்கல் சுவர்லயே, ஷவர் பகுதிக்குள்ள ஒண்ணும் வெளிய ஒண்ணுமா ரெண்டு ஸ்டெயின்லெஸ் பிடிகம்பி. உயரத்தை அமுச்சியை நிக்க வச்சே குறிச்சோம், அவங்க கை இயல்பா எங்க போகுதோ அங்க. கண்ணாடியோட வெளிமுகத்துல ஒரு பாதுகாப்பு ஃபிலிமும் ஒட்டியிருக்கோம். என்னைக்காவது உதிர்ந்தாலும் துண்டெல்லாம் அதுல ஒட்டி நிக்கும், வெறுங்கால்ல நிக்கிறவங்களைச் சுத்திச் சிதறாது.

உங்க வீட்டுலயும் இந்தப் பேச்சு வந்தா, "எத்தனை எம்எம்"னு ஆரம்பிக்கிறவங்க கையில ஒரு அஞ்சு ரூபா காசைக் கொடுங்க. முதல்ல சுவரைத் தட்டட்டும்.